மில்லை மூடி நிலத்தை விற்க ஓட்டு கேட்கிறார்கள், என் கையில் 6 சதவீதம்

வள்ளி_பள்ளத்தூர்

எங்கள் ஐயா காலத்து நூற்பாலை ஒன்று காரைக்குடி வட்டாரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர் வேண்டாம். கீழே உள்ள எண்களையும் கொஞ்சம் மாற்றித்தான் போடுகிறேன், விகிதம் மாறவில்லை.

12,000 ஸ்பிண்டில். நிரந்தரத் தொழிலாளர்கள் 86 பேர். காண்ட்ராக்டில் வரும் பெண்கள் 110 பேர். வருடத்துக்கு ஐம்பது லட்சம் லாபம் வருகிறது, நஷ்டம் இல்லை. ஆனால் மில் நிற்கும் 12 ஏக்கரும் இப்போது ரோட்டோர மனை நிலம். ஏக்கர் ஒன்றரைக் கோடிக்கு ஆள் இருக்கிறது. மூத்த வீட்டு அண்ணன்தான் எம்.டி. "50 லட்சத்துக்காக 18 கோடியைப் பூட்டி வைத்திருக்கிறோம், மூடி விற்றுப் பிரித்துக்கொள்வோம்" என்கிறார்.

மூத்த வீட்டில் 70 சதவீதம். பெரிய அயித்தை வீட்டாரிடம் 24, அவர்கள் மூடவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மீதி 6 என் ஆத்தா எனக்கு எழுதி வைத்தது. லிஸ்ட் ஆகாத பப்ளிக் லிமிடெட் என்பதால் சிறப்புத் தீர்மானம் வேண்டும் என்கிறார்கள்.

கல்லூரியில் எத்திக்ஸ் பேப்பரில் இரண்டு கட்சி படித்தேன். முதல் போட்டவனுக்கே நிறுவனம் என்பது ஒன்று. தொழிலாளி, சப்ளையர், ஊர் எல்லோருக்கும் அதில் பங்குண்டு என்பது இன்னொன்று. பரீட்சையில் இரண்டையும் எழுதி மார்க் வாங்கிவிட்டேன். இப்போது ஓட்டுப் போடவேண்டும். எந்தக் கட்சி சரி?

கோட்டையூரான்

இதில் குழப்பமே இல்லை. பொருளாதார நிபுணர் மில்டன் ஃப்ரீட்மன் 1970-இலேயே சொல்லிவிட்டார், நிறுவனத்தின் ஒரே பொறுப்பு லாபம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. டைரக்டர்கள் பங்குதாரர் பணத்தை அதிகப்படுத்தியே ஆகவேண்டும், இல்லையென்றால் கோர்ட்டுக்குப் போகலாம். 18 கோடியை பேங்க்கில் போட்டாலே 7 சதவீதத்துக்கு 1 கோடியே 26 லட்சம் வட்டி. மில் தருவதோ 50 லட்சம். உங்கள் அண்ணன் மூடாமல் இருப்பதுதான் தப்பு. ஊருக்கு நல்லது செய்யணுமா, கம்பெனிகள் சமூகத்துக்குச் செலவிடுகிற சி.எஸ்.ஆர். இருக்கிறது. அதில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டிக்கொடுங்கள்.

எம்பிஏ_முதலாமாண்டு

அண்ணே, 1984-இல் ஃப்ரீமன் என்ற மேனேஜ்மென்ட் பேராசிரியர் இதை மாற்றிவிட்டார். நிறுவனத்தால் பாதிக்கப்படுகிற, நிறுவனத்தைப் பாதிக்கிற எல்லோருமே ஸ்டேக்ஹோல்டர்தான். தொழிலாளி, வாடிக்கையாளர், சப்ளையர், ஊர். எல்லோரையும் சமமாகப் பார்க்கவேண்டும். அதனால் மூடக்கூடாது.

கோட்டையூரான்

அப்போது வாசலில் டீக்கடை வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு கொடுத்துவிடலாமா தம்பி?

வளவுவீடு

எங்கள் வீட்டிலும் இதே பிரச்சினைதான். கானாடுகாத்தானில் ஐயா கட்டின வீடு. மொத்தம் 14 பங்காளி. எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். மெட்ராஸ் பங்காளி ஒருத்தர் முகப்புத் தூணை மட்டும் தனியாக விற்கலாம் என்கிறார். பர்மா தேக்கு, முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைக்காரர் விலை சொல்லிவிட்டாராம். வள்ளி ஆச்சி, நீங்களும் கையெழுத்துப் போடாதீர்கள். ஒருத்தர் போடாவிட்டால் ஒன்றும் நடக்காது.

பேரேடு

வளவுவீடு, உங்களுடையது கூட்டுச் சொத்து. அதில் ஒவ்வொரு பங்காளிக்கும் சொத்திலேயே பாத்தியம் உண்டு. கம்பெனி அப்படியில்லை. ஆனாலும் தூணைப் பற்றிச் சொன்னீர்களே, இந்தக் கேள்வியின் முடிச்சே அதுதான். வீட்டை வீடாக வைத்திருப்பதைவிடத் தூணைப் பிரித்து விற்பதில் காசு அதிகம். ஓடும் மில்லைவிட அதன் அடியில் இருக்கிற மண்ணுக்கு விலை அதிகம். நஷ்டத்தில் மூழ்குகிற மில் என்றால் இரண்டு கட்சியும் கடைசியில் மூடத்தான் சொல்லும். லாபம் வரும்போதே மூடச் சொல்கிற இடத்தில்தான் இரண்டும் நிஜமாகப் பிரிகின்றன. வள்ளி கேட்டிருப்பது அந்த இடம்.

கோட்டையூரான் சொன்னதில் பாதி சரி. ஃப்ரீட்மன் 1970 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் ஞாயிறு இதழில் எழுதியது மேனேஜரைப் பற்றி. சம்பளத்துக்கு இருக்கிற மேனேஜர் அடுத்தவர் பணத்தில் தர்மம் செய்யக்கூடாது, முதலாளி சொன்னதைச் செய்யவேண்டும். அதுவும் சட்டத்துக்கும் ஊர் ஒழுக்கத்துக்கும் உட்பட்டு. இந்தக் கடைசிப் பகுதியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதே கட்டுரையில், தனி முதலாளி தன் லாபத்தைக் குறைத்துக்கொண்டு நல்லது செய்தால் அது அவர் பணம், அவர் இஷ்டம் என்றும் இருக்கிறது.

அந்தக் காலத்தில் வட்டிக்கடையைப் பார்க்க முதலாளி ரங்கூனுக்கு அனுப்பின ஏஜெண்டை நினைத்துக்கொள்ளுங்கள். தவணை முடிந்து வந்து ஐந்தொகை காட்டும்போது, "அங்கே பாவப்பட்டவர்களுக்கு வட்டியைத் தள்ளிவிட்டேன்" என்று அவராகச் சொன்னால் முதலாளி சும்மா இருப்பாரா? ஃப்ரீட்மனின் வாதம் மொத்தமும் இதுதான். ஆனால் முதலாளியே தள்ளச் சொன்னால்? ஃப்ரீட்மனுக்கு அதில் ஒரு ஆட்சேபமும் இல்லை.

வள்ளி, நீங்கள் ஏஜெண்ட் இல்லை, முதலாளி. உங்கள் 6 சதவீதத்தை வைத்து எதை விரும்பவேண்டும் என்று அந்தக் கட்சி உங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பங்குதாரருக்குப் பணத்தைத் தவிர வேறு எதுவும் வேண்டியிருக்காது என்று நாமாகத்தான் சேர்த்துக்கொள்கிறோம். ஹார்ட், ஜிங்கேல்ஸ் என்ற இரண்டு பொருளாதாரக்காரர்கள் 2017-இல் இதையே சொன்னார்கள்: மேனேஜர் பார்க்கவேண்டியது பங்குதாரரின் நலத்தை, பங்கின் விலையை மட்டும் அல்ல.

கோட்டையூரான்

சரி, நியாயம். ஆனால் சட்டம்?

பேரேடு

நம் நாட்டுச் சட்டம் நீங்கள் நினைப்பது போல் இல்லை. 2013 கம்பெனிச் சட்டம் 166-ஆம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவைப் பாருங்கள். டைரக்டர் உறுப்பினர்கள் எல்லோருடைய நன்மைக்காகவும், கம்பெனி, ஊழியர், பங்குதாரர், சமூகம் இவர்களின் நலனுக்காகவும், சுற்றுச்சூழல் பாதுகாப்புக்காகவும் நடக்கவேண்டும் என்கிறது. லாபத்தை அதிகப்படுத்தியே ஆகவேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. இன்னொன்று, பங்குதாரர் கம்பெனியின் சொத்துக்கு உடைமைக்காரர் அல்ல. 1950-களிலேயே பச்சா குஸ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. நிலம் கம்பெனியுடையது. உங்களிடம் இருப்பது ஓட்டு, டிவிடெண்ட், மூடினால் கடைசியில் மிஞ்சுவதில் பங்கு.

தம்பி எம்பிஏ உடனே துள்ளவேண்டாம். அதே 166-இல் பெரிய ஓட்டை இருக்கிறது. ஐந்து பேரை வரிசையாகச் சொல்லிவிட்டு, அவர்களுக்குள் மோதினால் யார் முந்தி என்று சொல்லவில்லை. மீறினால் தொழிலாளி நேராக எதைப் பிடித்துக் கேட்பார் என்றும் தெளிவில்லை. 245-ஆம் பிரிவில் கூட்டாக வழக்குப் போடும் உரிமை உறுப்பினர்களுக்கும் வைப்புத்தொகை போட்டவர்களுக்கும்தான். எல்லோருக்கும் பதில் சொல்லவேண்டிய டைரக்டர் யாருக்குமே பதில் சொல்லாமல் தப்பிக்கலாம். பங்குதாரர் கேட்டால் "ஊழியருக்காகச் செய்தேன்", ஊழியர் கேட்டால் "பங்குதாரருக்காகச் செய்தேன்". ஸ்டேக்ஹோல்டர் கட்சியின் மேல் இருக்கிற பெரிய குற்றச்சாட்டே இதுதான். எல்லோரையும் சமமாகப் பார்க்கவேண்டும், மூடவே கூடாது என்பதெல்லாம் ஃப்ரீமன் தலையில் நாம் ஏற்றுவது.

அப்புறம் சி.எஸ்.ஆர். வருடத்துக்கு 5 கோடி நிகர லாபம், அல்லது 500 கோடி நிகர மதிப்பு, அல்லது 1,000 கோடி விற்றுமுதல், இதில் ஒன்றாவது இருந்தால்தான் லாபத்தில் 2 சதவீதம் செலவிடவேண்டும் என்ற கட்டாயம். இந்த மில்லுக்கு அது பொருந்தவே பொருந்தாது. பொருந்தினாலும் சொந்த ஊழியருக்கு மட்டும் செய்வது அந்தக் கணக்கில் வராது.

ரங்கூன்பேரன்

நான் வயசானவன், ஒன்று சொல்கிறேன். எங்கள் ஐயா 1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தார். கடை, ஏடு, நிலம் எல்லாம் அங்கேயே. அப்புறம் சுதந்திர பர்மா நிலத்தையும் எடுத்துக்கொண்டது. போனது போனதுதான். அப்போது கணக்குப்பிள்ளை தவணைச் சம்பளத்தை முழுசாக வாங்கிக்கொண்டார், ஐயா வீட்டு வெள்ளிச் சாமானை விற்றுக் கொடுத்தார். நஷ்டம் வரும்போது கடைசியில் நிற்பவன் முதல் போட்டவன். அதனால் மிச்சம் வரும்போதும் மிச்சம் அவனுக்குத்தான். இதைச் சொன்னால் கல்நெஞ்சன் என்கிறார்கள்.

இன்னொன்று. நாம் தர்மம் செய்யாதவர்களா? வியாபாரத்தில் தர்மத்துக்கென்று மகமை எடுத்து வைக்காத கடை உண்டா? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்துத்தானே காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வந்தது? இதெல்லாம் ஸ்டேக்ஹோல்டர் இல்லாமல் வேறென்ன?

பேரேடு

ஐயா, மகமையைப் பற்றி நான் நிறைய யோசித்ததுண்டு. அது ஸ்டேக்ஹோல்டர் கட்சி இல்லை, ஃப்ரீட்மன் கட்சி. முதலாளி தன் பணத்தில் தானே சம்மதித்துக் கொடுப்பது. கோயிலுக்கு எவ்வளவு, பாடசாலைக்கு எவ்வளவு என்று அவரே முடிவு செய்கிறார். வாங்குகிறவருக்குக் கேட்கிற உரிமை இல்லை, நன்றி சொல்கிற இடம்தான். அழகப்பர் செய்தது மகா பெரிய கொடை. கொடை என்பதால்தான் பெரிது.

ஸ்டேக்ஹோல்டர் கட்சி கேட்பது வேறு. நூற்கிற மெஷினைப் பார்க்கிற சைடர் கையேந்தி நிற்கவில்லை, அவருக்கு அந்த மில்லில் ஏதோ ஒரு பாத்தியம் இருக்கிறது என்கிறது. வள்ளி, ஸ்டேக்ஹோல்டருக்குத் தமிழில் ஆளுக்கொரு சொல் வைத்திருக்கிறார்கள். எனக்குப் "பாத்தியப்பட்டவர்" பிடிக்கும். நம் வீட்டுப் பத்திரத்தில் இருக்கிற சொல்.

கடைசியில் நிற்பவன் முதல் போட்டவன் என்றீர்களே, அதுதான் அந்தக் கட்சியின் பலமான வாதம். திவால் சட்டத்தின் 53-ஆம் பிரிவிலும் பங்குதாரர் வரிசையில் கடைசி. தொழிலாளியின் 24 மாத பாக்கி, அடமானக் கடன்காரரோடு சமமாக முன்னால் நிற்கிறது. ஆனால் அந்த வரிசை, வரவேண்டிய பாக்கிக்கு. இருபது வருஷம் ஒரே வேலையில் போட்ட உடம்புக்கு எந்த ஏட்டிலும் வரவு இல்லை. அதை இங்கே யாராவது வேலை பார்த்தவர் சொன்னால் நல்லது.

சைடர்_ராசு

நான் சொல்றேன். பக்கத்து மாவட்டத்தில் ஒரு மில்லில் 22 வருஷம் சைடர். பேர் எதுக்கு. ரிங் ஃபிரேம்தான் எனக்குத் தெரிந்த தொழில். மூடும்போது வயசு 46. புது மில் எல்லாம் ஹாஸ்டல் பிள்ளைகளைத்தான் எடுக்கிறான், 46 வயசுக்காரனை வாட்ச்மேனுக்குக் கேட்கிறான். ரங்கூன் ஐயா கோபிக்கக்கூடாது. முதலாளி நாலு இடத்தில் முதல் போடலாம், ஒன்று போனால் ஒன்று நிற்கும். எனக்கு இருந்தது ஒரே உடம்பு. அதை ஒரே இடத்தில்தான் போட்டேன்.

மூடினதுகூட இல்லை எனக்கு வருத்தம். சொல்லாமல் மூடினதுதான். ஆனால் பின்னால் நினைத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துதான் இருந்தது. ஒரு வருஷத்துக்கு முன்னாடி, ரிங்கில் இழையோடு சுற்றுகிற சின்னக் கம்பி, டிராவலர், அதை மாற்றுவதைத் தள்ளிப் போட்டார்கள். தேய்ந்த டிராவலரில் ஓட்டினால் இழை அறுந்துகொண்டே இருக்கும், எங்கள் மேல்தான் சத்தம். பஞ்சைச் சீவுகிற கார்டிங் மெஷினில் வயர் மாற்றவில்லை. குடோனில் ஒரு மாசப் பஞ்சு இருக்கும், அது ஒரு வாரமாகக் குறைந்தது. கடைசியில் நாலு பேர் வந்து சங்கிலி பிடிக்கிற மாதிரி கருவி வைத்து நிலத்தை அளந்தார்கள். கேட்டதற்கு இன்சூரன்ஸ் என்றார்கள். அந்த மாசம்தான் நான் வீடு கட்ட மூணு லட்சம் கடன் வாங்கினேன். திண்டுக்கல் மில் ஒன்றிலிருந்து கூப்பிட்டான், வேண்டாம் என்றேன்.

ஒரு திங்கட்கிழமை முதல் ஷிப்டுக்குப் போனால் கேட்டில் நோட்டீஸ். பணம் 14 மாசம் கழித்து வந்தது. காண்ட்ராக்ட் பொண்ணுங்களுக்கு ஒண்ணுமே இல்லை. அவங்க பேரே ரிஜிஸ்டரில் இல்லை.

வள்ளி_பள்ளத்தூர்

ராசு அண்ணே, எங்கள் மில்லில் போன மாதம் அளந்தார்கள். நான் அங்கே இருந்தேன். இன்சூரன்ஸ் என்றுதான் சொன்னார்கள்.

சைடர்_ராசு

அப்போ ஆச்சிக்கே தெரிந்துவிட்டது, அங்கே வேலை பார்க்கிறவங்களுக்குத் தெரியவில்லை. இதுதான்.

கோட்டையூரான்

ராசு அண்ணே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நானும் ஜவுளி பிசினஸ்காரன். ஆறு மாதம் முன்னால் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? முதலில் ஓடுவது கெட்டிக்கார ஆட்கள். மீதி ஆட்களை வைத்து மெஷின் ஓடாது. பஞ்சு வியாபாரி கடன் தரமாட்டார், கையில் காசு என்பார். பேங்க் கேஷ் கிரெடிட்டை இறுக்கும். நூல் வாங்குகிற கமிஷன்காரர் "எப்படியும் விற்றாகணும்" என்று விலையை அடிப்பார். ஆறு மாதத்தில் மூடவேண்டியது மூன்றாம் மாதமே மூடும். அப்போது தொழிலாளிக்கு மூன்று மாதச் சம்பளமும் போய்விடும். ரகசியம் கெட்ட எண்ணத்தில் வருவது மட்டுமில்லை.

பேரேடு

இது உண்மையான தடை, ஒத்துக்கொள்கிறேன். இதற்கு வழக்கத்தில் ஒரு வழி இருக்கிறது. கடைசி நாள் வரை நிற்கிறவருக்குத் தனியாக ஒரு தொகை என்று முதலிலேயே எழுத்தில் கொடுத்து, அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு ரசீதைக் காட்டுவது. பணம் பேங்க்கில் கிடக்கிறது என்று கண்ணால் பார்த்தால் ஆள் நிற்பார். வெறும் வாக்குறுதிக்கு நிற்கமாட்டார். பஞ்சுக் கடனுக்கு இதில் மருந்து இல்லை, அந்த ஆறு மாதம் பஞ்சை ரொக்கத்தில்தான் வாங்கவேண்டியிருக்கும்.

ராசு சொன்னதில் இன்னொரு வித்தியாசம் இருக்கிறது. சொல்லாமல் இருப்பது ஒன்று, கேட்டவனிடம் இன்சூரன்ஸ் என்று சொல்வது வேறு. இரண்டாவதை ஃப்ரீட்மனும் ஒத்துக்கொள்ளமாட்டார். ஏமாற்றும் மோசடியும் இல்லாத போட்டி என்பது அவரே வைத்த எல்லை. சும்மா வாயை மூடிக்கொண்டு இருப்பதைப் பற்றித்தான் இரண்டு கட்சிக்கும் தகராறு. ஸ்டேக்ஹோல்டர் கட்சிப்படி, ஒருவர் தன் வாழ்க்கையை உங்கள் மௌனத்தை நம்பி அடுக்கிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் சொல்லவேண்டிய கடமை வந்துவிடுகிறது.

எம்பிஏ_முதலாமாண்டு

மூட அரசாங்கத்திடம் அனுமதி வாங்கவேண்டுமே ஐயா? அதிலேயே தொழிலாளர்களுக்குத் தெரிந்துவிடுமே?

பேரேடு

எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. பழைய தொழில் தகராறுச் சட்டத்தில் 100 பேர் இருந்தால் அனுமதி வாங்கவேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்தில் 300. நம் மில்லில் 86, இரண்டுக்கும் வெளியே. 86 என்பது தற்செயலா என்று வள்ளி தன் அண்ணனைக் கேட்டுக்கொள்ளட்டும். காண்ட்ராக்ட் பெண்களைச் சேர்த்தால் 196 ஆகிறது பாருங்கள். ஆக, அரசாங்கத்துக்கு 60 நாள் முன்னறிவிப்பும், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளமும்தான்.

இனிக் கணக்கைப் போட்டுவிடுவோம். சராசரி 18 வருட சர்வீஸ், மாதம் 15,000 சம்பளம் என்று வையுங்கள். மூடல் இழப்பீடு அரை மாதம் 7,500, பதினெட்டு தடவை, 1,35,000. கிராஜுவிட்டிக்கு மாதத்தை 26 நாளாக வைப்பார்கள், அது 1,55,769. ஆளுக்கு 2 லட்சத்து 90 ஆயிரம் சொச்சம். 86 பேருக்கு இரண்டரைக் கோடி. நிலம் 18 கோடி, பழைய மெஷின் ஒன்றரைக் கோடி. ஆக மிச்சம் 17 கோடி.

கோட்டையூரான்

மூலதன ஆதாய வரியை விட்டுவிட்டீர்கள். பன்னிரண்டரை சதவீதம். ஐயா காலத்து நிலம், வாங்கின விலை ஒன்றுமே இல்லை. இரண்டே கால் கோடி வரை போய்விடும்.

பேரேடு

சரிதான், விட்டுவிட்டேன். அப்போது 14 கோடியே 75 லட்சம். சர்சார்ஜ், செஸ், பிரித்துக் கொடுக்கும்போது பங்குதாரர் கையில் வருகிற வரி எல்லாம் சேர்த்தால் இன்னும் இறங்கும். இருந்தாலும் இதன் 7 சதவீத வட்டியே கோடியைத் தாண்டுகிறது. மில் தரும் 50 லட்சத்தைப் போல் இரண்டு மடங்கு. எனவே பணத்தை மட்டும் பார்த்தால் உங்கள் அண்ணன் தவறு சொல்லவில்லை.

இப்போது இன்னொரு விதமாக மூடுவோம். ஆறு மாதம் முன்னால் அறிவிப்பு. சட்டம் சொன்ன இழப்பீட்டைப் போல் இன்னொரு மடங்கு, கடைசி நாள் வரை நிற்பவருக்கு. அது 1 கோடியே 16 லட்சம். காண்ட்ராக்ட் பெண்கள் 110 பேருக்கு மாதம் 10,000 வீதம் மூன்று மாதம், 33 லட்சம். மொத்தம் ஒன்றரைக் கோடி. இத்தனை சண்டையும் 14.75-இல் ஒன்றரைக் கோடிக்குத்தான், பத்தில் ஒரு பங்கு.

ரங்கூன்பேரன்

பத்தில் ஒரு பங்கு மகமை மாதிரிதான் இருக்கிறது. கொடுத்துவிட்டுப் போகலாமே.

பேரேடு

ஐயா, மறுபடியும் அங்கேதான் வருகிறீர்கள். கொடுத்துவிட்டுப் போவதா, கொடுக்கவேண்டியதா? தொகை ஒன்றுதான். கொடை என்றால் அண்ணன் நாளைக்கு மனசு மாறி 50 லட்சமாகக் குறைக்கலாம், யாரும் கேட்கமுடியாது.

வள்ளி_பள்ளத்தூர்

நான் ஓட்டே போடாமல் இருந்துவிட்டால்? இரண்டு பக்கமும் சொந்தம். பெரிய அயித்தை மில்லை மூடினால் என் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்கிறார்கள்.

பேரேடு

அதிலும் தப்பிக்க முடியாது ஆச்சி. சிறப்புத் தீர்மானத்தில் ஆதரவு ஓட்டு எதிர்ப்பைப் போல் மூன்று மடங்காவது இருக்கவேண்டும். நீங்கள் ஆதரித்தால் 76-க்கு 24. தேவை 72, நிறைவேறும். எதிர்த்தால் 70-க்கு 30. தேவை 90, தோற்கும். வராமல் இருந்தால் 70-க்கு 24, தேவை 72. இரண்டு குறைகிறது, தோற்கும். வீட்டில் இருப்பதும் எதிர்ப்பதும் உங்களுக்கு ஒன்றுதான்.

கோட்டையூரான்

நான் கேட்கிற கேள்விக்கு இங்கே யாரும் பதில் சொல்லவில்லை. வள்ளி இந்த 6-ஐ வைத்துக்கொண்டு "ஒன்றரைக் கோடி கொடுத்தால்தான் ஓட்டு" என்று பேரம் பேசலாம் என்றுதானே பேரேடு ஐயா சுற்றி வளைத்துச் சொல்கிறார்? அந்த ஒன்றரைக் கோடியில் வள்ளி பங்கு 9 லட்சம். மீதி 1 கோடியே 41 லட்சம் மற்றவர்கள் பணம். தன் மனசாட்சிக்கு அடுத்தவர் மடியில் கைவைப்பது. ஃப்ரீட்மன் மேனேஜரைப் பார்த்துச் சொன்னது அப்படியே இவர்களுக்கும் பொருந்தவில்லையா? 9 லட்சத்தைத் தனியாக எடுத்து அந்தப் பெண்களுக்குக் கொடுக்கட்டும், நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பேரேடு

நல்ல கேள்வி, என்னிடம் முழுப் பதில் இல்லை. ஓட்டு ஒரு உரிமை, அதை எந்தக் காரணத்துக்காகப் போடுகிறோம் என்று சட்டம் கேட்பதில்லை. ஆனால் நீங்கள் கேட்பது சட்டம் இல்லை.

1919-இல் மிஷிகனில் ஒரு வழக்கு. ஃபோர்டு கம்பெனியில் 10 சதவீதம் வைத்திருந்த டாட்ஜ் சகோதரர்கள், ஹென்றி ஃபோர்டு லாபத்தைப் பிரிக்காமல் கார் விலையைக் குறைக்கவும் தொழிற்சாலையைப் பெருக்கவும் போடுகிறார் என்று கேஸ் போட்டார்கள். கோர்ட் 1 கோடியே 90 லட்சம் டாலருக்கு மேல் டிவிடெண்ட் கொடுக்கச் சொன்னது. இதைத்தான் முதலாளி கட்சி எப்போதும் காட்டும். அதே தீர்ப்பில் தொழிற்சாலையைப் பெருக்குவதைக் கோர்ட் தடுக்கவில்லை, அது நிர்வாகத்தின் முடிவு என்று விட்டுவிட்டது. இதை யாரும் காட்டுவதில்லை. பெரிய பங்குக்காரர் தன் நல்லெண்ணத்தைச் சின்னவர் தலையில் ஏற்றக்கூடாது என்றால், சின்னவர் பெரியவர் தலையில் ஏற்றலாமா என்பதுதான் உங்கள் கேள்வி. ஒன்று சொல்வேன். அந்த 86 பேருக்குப் பாத்தியம் உண்டு என்று நம்பினால் அது அடுத்தவர் மடி இல்லை, பிரிக்கும் முன் தீர்க்கவேண்டிய பாக்கி. நம்பவில்லை என்றால் நீங்கள் சொன்னது சரி. நம்புவதா இல்லையா என்பதைக் கணக்குப் போட்டு முடிவு செய்ய முடியவில்லை.

சைடர்_ராசு

பாத்தியமோ தர்மமோ, பணம் நிலம் பத்திரம் பதியுறதுக்கு முன்னாடி கைக்கு வரணும். பதிஞ்ச பிறகு யாரைத் தேடுவது?

பேரேடு

ராசு சொன்னது ரொம்ப முக்கியம். வள்ளி, கூட்டத்தில் எழுந்து இதைத் தீர்மானத்தில் சேர்க்கலாம் என்று நினைக்காதீர்கள். 21 நாள் முன்னால் அனுப்பின நோட்டீஸைத் தாண்டிய திருத்தம் செல்லாது. நோட்டீஸ் அச்சாகும் முன்னால் பேசினால்தான் உண்டு. பணம் தனிக் கணக்குக்கு வந்த பிறகுதான் பத்திரம் என்று தீர்மான வாசகத்திலேயே இருக்கட்டும்.

வளவுவீடு

எங்கள் தூண் விஷயத்துக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

வள்ளி_பள்ளத்தூர்

நாலு நாள் கழித்து எழுதுகிறேன். அண்ணனைப் பார்த்தேன். முதலில் கோபம், அப்புறம் "எழுத்தில் கொடு, ஆடிட்டரிடம் காட்டுகிறேன்" என்றார். நிரந்தர ஆட்களுக்கு இன்னொரு மடங்கு என்பதில் பாதிக்கு இறங்கி வருவார் போலிருக்கிறது. முன்கூட்டி அறிவிப்பதற்கு மட்டும் சுத்தமாகச் சம்மதிக்கவில்லை, கோட்டையூரான் சொன்ன அதே காரணம், பஞ்சுக் கடன். அயித்தையிடம் இன்னும் பேசவில்லை. கோட்டையூரான் கேட்ட கேள்வி எனக்கும் தூக்கத்தைக் கெடுக்கிறது, பதில் இல்லை.

காண்ட்ராக்ட் பெண்களுக்கு மூன்று மாதம் என்றதும் அண்ணன் "யார் யார் என்று பட்டியல் கொண்டு வா" என்றார். காண்ட்ராக்டரிடம் கேட்டேன். 110 பேரில் 74 பேருக்குத்தான் அவரிடம் பெயர் இருக்கிறது.

சைடர்_ராசு

வேன் டிரைவருங்களைக் கேளுங்க ஆச்சி. எந்த ஊரில் எத்தனை பேர் ஏறுறாங்கன்னு அவங்க நோட்டில் இருக்கும், டீசல் கணக்குக்கு.